மரண நினைப்பும் ஜாமீன் தொகையும்: கேள்வி பதில்

"டெரர் மேனேஜ்மென்ட் என்றால் தீவிரவாதத் தாக்குதலைச் சமாளிக்கும் பயிற்சியா? என் தம்பி காவல்துறையில் இருக்கிறான், அவனுக்காகக் கேட்கிறேன்."

இல்லைங்க. இங்கே டெரர் என்பது, நாமும் ஒருநாள் செத்துப்போவோம் என்று தெரிந்திருப்பதால் உள்ளுக்குள் கிடக்கும் திகில். எர்னஸ்ட் பெக்கர் என்ற மானுடவியலாளர் 1973-ல் எழுதியதை வைத்து, கிரீன்பெர்க், சாலமன், பிஷின்ஸ்கி என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் எண்பதுகளில் இந்தக் கோட்பாட்டை உருவாக்கினார்கள். நம் நம்பிக்கைகளும் சுயமதிப்பும் அந்தத் திகிலை அடக்கி வைக்கின்றன என்பதுதான் அதன் சாரம்.

"சாவை ஞாபகப்படுத்தினால் ஆள் கடுமையாகிவிடுவார், நீதிபதிகளை வைத்தே நிரூபித்துவிட்டார்கள் என்று படித்தேன். சரிதானே?"

பாதி சரி. அரிசோனாவின் டூசான் நகரில் 22 மாநகர நீதிபதிகளிடம் ஒரு வழக்குக் கோப்பைக் கொடுத்தார்கள். பாலியல் தொழில் குற்றச்சாட்டில் கைதான ஒரு பெண்ணுக்கு எவ்வளவு ஜாமீன் தொகை வைக்கலாம் என்பது கேள்வி. கோப்பைப் பார்க்கும் முன் எல்லோரும் ஆளுமை பற்றிய கேள்வித்தாள்களை நிரப்பினார்கள். சுமார் பாதிப் பேருடைய தாளில் மட்டும் கூடுதலாக இரண்டு கேள்விகள் இருந்தன: உங்கள் சாவை நினைத்தால் என்ன உணர்வு வருகிறது? சாகும்போதும் செத்த பிறகும் உங்களுக்கு என்ன நடக்கும்? இந்தக் கேள்விகள் இல்லாதவர்கள் சராசரியாக 50 டாலர் விதித்தார்கள். இருந்தவர்கள் விதித்தது 455 டாலர்.

ஆனால் 1989-ல் இதை வெளியிட்ட கட்டுரையிலேயே இன்னும் சில சோதனைகள் உண்டு. மாணவர்களிடம் செய்தபோது, அந்தத் தொழிலைத் தவறென்று ஏற்கெனவே நினைத்தவர்கள் மட்டுமே தொகையைக் கூட்டினார்கள். இன்னொன்றில், குற்றவாளியைப் பிடிக்க உதவிய ஒருவருக்குப் பரிசாக எவ்வளவு தரலாம் என்று கேட்டார்கள். சாவை நினைத்தவர்கள் அதிகம் கொடுக்கச் சொன்னார்கள். ஆகவே பொதுவாகக் கடுமை கூடுகிறது என்று சொல்ல முடியாது. அவரவர் எதைச் சரியென்று நம்புகிறாரோ அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.

"நம்மிடம் மயான வைராக்கியம் என்று ஒன்று உண்டே! சுடுகாட்டில் நிற்கும்போது காசு, பணம், சண்டை எல்லாம் வெறுத்துப்போகும். நீங்கள் சொல்வது அதற்கு நேர்மாறாக இருக்கிறது."

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்தச் சொல்லிலேயே இன்னொரு பாதியும் இருக்கிறது: வீட்டுக்கு வந்து தலைமுழுகினால் வைராக்கியம் போய்விடும். கோட்பாடும் நேரத்தைப் பிரித்தே பேசுகிறது. சாவு கண்முன் நிற்கும்போது மனம் அதை நேரடியாகவே எதிர்கொள்ளும். 'எனக்கு இன்னும் வயசிருக்கு', 'நாளையிலிருந்து சிகரெட் இல்லை' என்று ஏதாவது சொல்லிக்கொள்ளும். அப்புறம் கவனம் வேறு பக்கம் திரும்பி, அந்த நினைப்பு அடியில் மட்டும் தங்கியிருக்கும்போதுதான் நம்பிக்கைகளை இறுக்கிப் பிடிப்பது தொடங்குகிறது. 1994-ல் வந்த சோதனைகள் இதைக் காட்டின. அதனால்தான் இந்த ஆய்வுகளில் சாவுக் கேள்விக்கும் முடிவெடுப்பதற்கும் நடுவில் வேறொரு வேலையைக் கொடுத்து, சில நிமிடம் கவனத்தைத் திருப்புவார்கள். அந்த இடைவெளி இல்லாத ஆய்வைப் படித்தால் சந்தேகப்படுங்கள்.

"22 பேரை வைத்துச் செய்ததை எப்படி நம்புவது? திரும்பச் செய்தபோது வரவில்லையாமே."

உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த 1994 சோதனைகளில் ஒன்றைப் பல ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் திரும்பச் செய்தன. சில ஆய்வகங்கள் மூல ஆய்வாளர்களின் ஆலோசனையோடு செய்தன, மற்றவை சொந்தமாக வடிவமைத்தன. இரண்டு வகையிலும் விளைவு தெரியவில்லை. முடிவு 2022-ல் இதழில் வந்தது. யாருடைய பதில்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற விதியை மாற்றிக் கணக்கிட்டால் விளைவு தெரிகிறது என்று வேறு சிலர் வாதிட்டார்கள். அந்த விவாதம் முடியவில்லை. நானே வகுப்பில் முன்பெல்லாம் 455 டாலரைத் தீர்ந்த உண்மைபோல் சொல்லியிருக்கிறேன், இப்போது அப்படிச் சொல்வதில்லை. திசை சரியாக இருக்கலாம். ஆனால் ஒன்பது மடங்கு என்ற அளவை நான் நம்பவில்லை.

"என் மகனுக்கு 19 வயது, பைக்கில் பறக்கிறான். விபத்துப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். பயன் உண்டா?"

இஸ்ரேலில் இளைஞர்களைக் கார் ஓட்டும் சிமுலேட்டரில் உட்காரவைத்து 1999-ல் இதைப் பார்த்தார்கள். ஓட்டும் திறமையைத் தன் பெருமையாக நினைத்தவர்களிடம் மட்டும், சாவு நினைப்பு வேகத்தைக் கூட்டியது. முன்பே ஓட்டுதலைப் பாராட்டிவிட்டால் அந்த விளைவு காணாமல் போனது. இதுவும் ஆய்வகத்தில் கிடைத்த முடிவுதான், உங்கள் மகனைப் பற்றி என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் இடத்தில் இருந்தால் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டு, அவன் பின்னால் ஒருநாள் உட்கார்ந்து போவேன். வளைவில் நிதானமாகத் திரும்பினால், "நல்லா ஓட்டுறடா" என்று அங்கேயே சொல்வேன்.