தடுப்பூசி அட்டையில் விட்டுப்போன டோஸ்: கேள்வியும் பதிலும்
(பதில் சொல்பவர்: தடுப்பூசி அறையில் 22 வருடம் வேலை பார்த்த செவிலியர்)

“சிஸ்டர், பையன் பிறந்தது 2024 மார்ச் 12. பென்டா 3 கட்டத்திலும் தேதி இருக்கு. ஆனா போட்ட ஞாபகம் எனக்கு இல்லை. கார்டு போட்டோ அனுப்பியிருக்கேன்.”

உங்கள் ஞாபகம்தான் சரி, அம்மா. பென்டா என்பது ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசி. பென்டா 1 வரிசையில் ஏப்ரல் 25, பென்டா 2-இல் மே 27. இரண்டும் பேனாவில், பக்கத்திலேயே பேட்ச் நம்பரும் கையெழுத்தும். மூன்றாவதில் இருக்கும் ஜூன் 24 பென்சிலில் எழுதியது, பேட்ச் நம்பர் கிடையாது. அது “அடுத்து வாங்க” என்று குறித்துக் கொடுத்த தேதி. அட்டை பார்க்கும்போது தேதியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கத்துக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

டிசம்பர் 18-இல் தட்டம்மை ஊசி முதல் டோஸ் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த ஒன்பது மாத வரிசையை மட்டும் பார்த்துவிட்டு, மேலே ஒரு வரிசை காலியாக இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. நானும் இப்படித் தவறவிட்டதுண்டு.

இன்று 2025 ஜூலை 10, பையனுக்கு 16 மாதம் ஆகப்போகிறது. பென்டா 3-ஐயும் அதே வரிசையில் விட்டுப்போன போலியோவையும் உடனே போடலாம். தட்டம்மை முதல் டோஸுக்குப் பிறகு குறைந்தது விட வேண்டிய 4 வாரம் எப்போதோ கடந்துவிட்டது. உங்கள் அட்டையில் இரண்டாவது டோஸ் 16 மாதத்தில் என்று அச்சிட்டிருப்பதால், இந்த வாரக் கடைசியில் போனால் அதையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். பென்டாவுக்குப் பிறகு வரும் பூஸ்டர்தான் பொறுக்க வேண்டும். பென்டா 3 போட்ட நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் எண்ண வேண்டும், அதாவது 2026 ஜனவரி நடுவில். அட்டையில் அச்சிட்ட வயதைப் பார்த்து முன்னாலேயே போய் நிற்காதீர்கள்.

ரோட்டா சொட்டு மருந்தின் கடைசி டோஸும் காலியாக இருக்கிறது. அதற்கு வயது வரம்பு உண்டு. பல நாடுகளில் ஒரு வயதுக்குள்ளேயே முடிந்துவிடும். அதை அப்படியே விட்டுவிடச் சொன்னாலும் பதற வேண்டாம்.

“ஒரே நாள்ல ரெண்டு ஊசியா? குழந்தை தாங்குமா?”

தாங்கும். தொடைக்கு ஒன்றாகப் போடுவார்கள். அன்று இரவு காய்ச்சல் வரலாம். ஒன்றைத் தள்ளிப்போட்டால் அதற்காக இன்னொரு முறை வர வேண்டும், அந்த முறைதான் பெரும்பாலும் வருவதில்லை.

“இவ்வளவு நாள் இடைவெளி விட்டால் முதலிலிருந்து தொடங்கணும்னு சொல்வாங்களே. என் அண்ணன் மகனுக்கு ஒரு டோஸைத் திரும்பப் போட்டாங்க, நானே கூடப் போனேன்.”

பாதி சரி. திரும்பப் போட்டிருப்பார்கள், ஆனால் காரணம் வேறாக இருக்கும். நாள் கூடிப்போனால் குழந்தை மருந்துகளில் எதையும் திரும்பத் தொடங்குவதில்லை. உடம்பு முந்தைய டோஸை மறப்பதில்லை, விட்ட இடத்திலிருந்து எண்ணலாம். நாள் குறைந்தால்தான் சிக்கல். 4 வாரம் ஆகுமுன் அடுத்த டோஸ் போட்டுவிட்டால் அது கணக்கில் சேராமல் போகலாம். அண்ணன் மகன் அட்டையில் தேதிகளைக் கழித்துப் பாருங்கள்.

“என் பேத்தி தோள்ல பி.சி.ஜி. தழும்பே இல்லை. அப்போ அதுவும் விட்டுப்போச்சுன்னு அர்த்தமா?”

அட்டையில் போட்டதாகப் பதிவு இருந்தால் இல்லை, ஐயா. சிலருக்குத் தழும்பு வராது, அதற்காகத் திரும்பப் போடத் தேவையில்லை. இங்கே நாம் பார்ப்பது அட்டையைத்தான், தோளை அல்ல.

“நானும் செவிலியர்தான். ஒரு குழந்தைக்கு பென்டா 1 ஏப்ரல் 25, பென்டா 2 மே 20. 25 நாள். திரும்பப் போடலாமா, விடலாமா? இன்னொன்று, தொற்று பரவியபோது 7 மாதத்தில் போட்ட தட்டம்மை டோஸை எண்ணுகிறீர்களா?”

இரண்டாவதற்கு எளிதாகச் சொல்லிவிடலாம்: எண்ணுவதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப்பொருள் அந்த வயதில் மிச்சமிருக்கும், ஊசி சரியாகப் பிடிக்காது. அதைப் பூஜ்ய டோஸ் என்று ஓரத்தில் எழுதிவிட்டு, ஒன்பது மாதத்திலிருந்து கணக்கைத் தொடங்குவேன்.

25 நாள் விஷயத்தில் ஒரே பதில் கிடையாது. சில நாடுகளின் வழிகாட்டுதலில் 4 நாள் வரை முன்னால் போட்டதை ஏற்கிறார்கள், சில இடங்களில் 28 என்றால் 28-தான். உங்கள் வழிகாட்டுதலில் சலுகை இல்லையென்றால், அந்த மே 20 டோஸிலிருந்து 4 வாரம் விட்டு இரண்டாவதைத் திரும்பப் போட வேண்டியிருக்கும். நான் அதிகாரியிடம் கேட்டுவிட்டு, அவர் சொன்னதை அட்டையிலேயே தேதியோடு எழுதிவைப்பேன். அடுத்து பார்ப்பவரும் அதே 25 நாளைக் கணக்குப் போட்டுக் குழம்பக் கூடாது.