மார்ஜினில் பங்கு வாங்கினால் லாபம் போலவே நட்டமும் இரட்டிப்பாகுமா?

கேள்வி: திருகோணமலையில் இருக்கிறேன். ஐந்து இலட்சம் போட்டால் இன்னுமோர் ஐந்து இலட்சம் கடன் தருவதாகப் பங்குத் தரகர் சொல்கிறார். ஏறினால் இரட்டிப்பு லாபம் என்கிறார். மார்ஜின் கோல் என்று ஒன்று வருமாமே, அது என்ன?

பதில்: தரகர் சொன்ன கணக்கு சரிதான் தம்பி, ஆனால் பாதிக் கணக்கு.

பத்து இலட்சத்துக்கு, 100 ரூபாய் பங்கில் 10,000 வாங்குகிறீர்கள். விலை 120 ஆனால் கையிருப்பு 12 இலட்சம். கடனைக் கழித்தால் உங்களுக்கு 7 இலட்சம். பங்கு 20 சதவீதம் ஏற, உங்கள் காசு 40 சதவீதம் ஏறிவிட்டது. விலை 80க்கு இறங்கினாலும் அதே கணக்குத்தான், மிஞ்சுவது 3 இலட்சம். 50க்கு வந்தால் உங்கள் காசு முழுதும் போச்சு, கடன் மட்டும் அப்படியே நிற்கும். வட்டி வேறு நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் கடன் கொடுத்தவர் 50 வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பங்குகளின் பெறுமதியில் இத்தனை சதவீதமாவது உங்கள் சொந்தப் பணமாக இருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார். அது 40 என்று வைத்துக்கொள்வோம். விலை 83 ரூபாயைத் தொட்டாலே அந்த எல்லைக்குக் கீழே போய்விடுவீர்கள். உடனே 'பணம் போடுங்கள், இல்லாவிட்டால் விற்போம்' என்று அழைப்பு வரும். மார்ஜின் கோல் என்பது அதுதான். வங்கியில் நகையை அடகு வைத்தால் தவணை முடியும்வரை மூச்சுவிடலாம். இங்கே அடகுப் பொருளுக்குத் தினமும் விலை பார்க்கிறார்கள். உவர்மலையில் இருக்கும் என் நண்பருக்குக் காலையில் செய்தி வந்தது, மறுநாளே கெடு. கைமாற்றுக்கு எத்தனை பேருக்குத்தான் போன் போடுவது?

பணம் போடாவிட்டால் நடப்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. விலை 70 என்று வையுங்கள். பெறுமதி 7 இலட்சம், அதில் உங்கள் சொந்தப் பணம் 2 இலட்சம். எல்லைக்குத் திரும்ப 80,000 ரூபாய் போட்டால் போதும். ஆனால் பங்கை விற்றுச் சரிக்கட்டுவதென்றால் 2 இலட்சத்துக்கு விற்கவேண்டும். விற்றால் கடனோடு சேர்ந்து பெறுமதியும் குறைகிறதே! ஏறக்குறைய 2,857 பங்குகள் போய்விடும். அப்புறம் விலை பழையபடி 100க்கு வந்தாலும், மிச்சமிருக்கும் பங்குகளில் கடனைக் கழித்தால் உங்களுக்கு 4,14,300 ரூபாய்தான். விலை திரும்பி வந்தது, 85,700 ரூபாய் வரவில்லை. கடன் வாங்காதவருக்கோ ஒரு சதமும் நட்டமில்லை.

எல்லாரும் ஒரே நேரத்தில் இப்படி விற்கும்போது விலை இன்னும் சரியும், அடுத்தவருக்கும் அழைப்பு போகும். 2022 ஏப்ரலில் கொழும்புச் சந்தையை ஒரு வாரம் மூடிவைத்திருந்தார்கள். திறந்த அன்றும் வீழ்ச்சியால் வணிகத்தை நிறுத்தவேண்டி வந்தது. அப்படியான நாளில் 83இல் விற்று வெளியேறலாம் என்று நினைத்தாலும் வாங்க ஆள் கிடைக்காது.

கையெழுத்துப் போடமுன் தரகரிடம் அந்தச் சதவீதத்தையும் கெடுவையும் கேளுங்கள். எல்லை 40 என்றால், கடன் தொகையை 0.6ஆல் வகுத்து, வருவதைப் பங்கு எண்ணிக்கையால் வகுங்கள். அதுதான் உங்களுக்கு அழைப்பு வரும் விலை. ஒரு இலட்சம் மட்டும் கடன் எடுத்து 6,000 பங்கு வாங்கினால் அது 28 ரூபாய்க்குக் கீழே போய்விடும்.