இலவச ரெஸ்யூமே டெம்ப்ளேட்: எங்கே உதைக்கிறது?

கேள்வி: தம்பி சிங்கப்பூரில் டெக்னீஷியன் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ரெஸ்யூமே டெம்ப்ளேட்டையே பயன்படுத்தலாமா?

பக்கத்தை இடம், வலம் என்று இரண்டாகப் பிரிக்கும் அழகான டெம்ப்ளேட் என்றால் வேண்டாம் என்பேன். கட்டடப் பராமரிப்புத் துறையில் ஆள் எடுக்கும்போது வரும் ரெஸ்யூமேக்களைப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி.

என் அத்தை மகன் அனுப்பியதையே சொல்கிறேன். ஒரே நிறுவனத்தில் 6 வருடம், கட்டடத்தைக் குளிரூட்டும் சில்லர் இயந்திரங்களின் பராமரிப்பு பார்த்தவன். கையில் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் எலக்ட்ரிஷியன் லைசென்ஸும் இருக்கிறது. டெம்ப்ளேட்டிலோ மூன்று வேலைகளுக்குக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்றே வரி. அதனால் 6 வருட அனுபவம் மூன்று வரிக்குள் சுருங்கிவிட்டது. தேசிய சேவைக்கு முன் உணவகத்தில் பார்த்த பகுதிநேர வேலைக்கும் அதே அளவு இடம். லைசென்ஸுக்குத் தனி இடமே இல்லை. இடப்பக்க நீலப் பட்டையில் 'எலக்ட்ரிக்கல்' என்று போட்டு, ஐந்தில் நான்கு புள்ளிக்கு நிறம் கொடுத்திருந்தான். அந்த நான்கு புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் முதலில் தேடுவது லைசென்ஸ் எந்த வகை, இன்னும் செல்லுபடியாகிறதா என்பதைத்தான்.

மனிதர் கண்ணுக்கு வரும் முன்பே இன்னொரு சிக்கல் உண்டு. பல நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் ஒரு மென்பொருள் படித்து, பெயர், வேலை, தேதி என்று பிரித்து வைக்கும். பக்கத்தை இரண்டாகப் பிரிக்கும் டெக்ஸ்ட் பாக்ஸ், டேபிள் எல்லாம் அதைக் குழப்பிவிடலாம். இதை நீங்களே சோதிக்கலாம். பிடிஎஃப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C அழுத்தி, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அவனுடையதை ஒட்டியபோது பட்டையில் இருந்த மொழிகளின் பெயர்கள் வேலைத் தேதிகளுக்கு நடுவில் வந்து விழுந்தன. நான்கு புள்ளி காணாமலே போனது, அது வெறும் படம்தானே. தொலைபேசி எண்ணை வேர்டின் ஹெடர் பகுதியில் வைக்கும் டெம்ப்ளேட்டுகளும் உண்டு. சில மென்பொருள்கள் அந்தப் பகுதியைப் படிப்பதே இல்லை.

அப்புறம், மேலே வரும் அறிமுக வாசகம். 'குழுவாகவும் தனியாகவும் திறம்படச் செயல்படும் ஆர்வமுள்ளவர்' என்று டெம்ப்ளேட்டில் ஏற்கெனவே எழுதியிருக்கும். பலர் அதை மாற்றாமலே அனுப்புகிறார்கள். ஒரே நீலப் பட்டை, ஒரே வட்டப் படம், ஒரே வாசகம் என்று அடுத்தடுத்து வரும்போது யார் யாரென்றே மனதில் நிற்பதில்லை. அது நல்ல பிள்ளைகளுக்கு நடக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

அத்தை மகனுக்கு வேர்டில் வெற்று A4 பக்கத்தைத் திறந்து, பக்கத்தை இரண்டாகப் பிரிக்காமல் எழுதச் சொன்னேன். பெயர், எண், அதற்குக் கீழே லைசென்ஸ் வகையும் முடியும் தேதியும். பிறகு அந்த 6 வருட வேலை: எத்தனை டன் சில்லர், கண்டென்சர் குழாய்களை யார் சுத்தம் செய்தது, இரவில் பழுது வந்தால் யார் போனது. அதுவே முக்கால் பக்கம் வந்தது. உணவக வேலை ஒரு வரி. உங்கள் தம்பி புதிதாகத் தொடங்குபவர் என்றால், அந்த முக்கால் பக்கத்தில் பயிற்சிக் காலத்தில் தொட்ட இயந்திரங்களையும் படிப்பில் செய்த பிராஜெக்டையும் இதே மாதிரி விவரமாக எழுதச் சொல்லுங்கள்.