டிவிஆர் பாஸ்வேர்டு தெரியவில்லை: பதிவு அழியாமல் திறப்பது எப்படி?

"ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். நான்கு கேமரா, ஹிக்விஷன் டிவிஆர், 1 டிபி ஹார்டு டிஸ்க். மாட்டிக் கொடுத்த தம்பி வெளிநாடு போய்விட்டார், பாஸ்வேர்டு எங்களுக்குத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குடோனிலிருந்து இரண்டு மூட்டை மிளகு காணாமல் போயிருக்கிறது. பதிவைப் பார்த்தே ஆக வேண்டும். சேலத்தில் ஒரு கடையில், உள்ளே இருக்கும் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பாஸ்வேர்டு போய்விடும், 800 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா சார்?"

கொடுக்க வேண்டாம். அந்த பேட்டரி கடிகாரத்துக்கானது. பாஸ்வேர்டு இருப்பது போர்டில் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில், அதற்குப் பேட்டரியே தேவையில்லை. பழைய கம்ப்யூட்டர்களில் பயாஸ் பாஸ்வேர்டை இப்படி எடுத்தார்கள், அந்தப் பழக்கத்தில் சொல்கிறார்கள். இங்கே கழற்றினால் பாஸ்வேர்டு அப்படியே இருக்கும், தேதியும் நேரமும்தான் பழைய ஆண்டுக்குப் போகும். அப்புறம் வருகிற பதிவுகள் தப்பான தேதியில் போய் உட்காரும். போலீசில் புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால், பதிவின் நேரத்தில் குழப்பம் வருவது உங்களுக்குத்தான் பாதகம். ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு டிவிஆரில் போட்டுப் பார்க்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். புதுப் பெட்டி அதை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும், தெரியாமல் ஒருவர் சரி என்று அழுத்தினால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போய்விடும்.

உங்கள் விஷயத்தில் பாஸ்வேர்டைவிட அவசரமானது அந்த ராத்திரிப் பதிவு. டிஸ்க் நிரம்பியதும் டிவிஆர் பழையதை அழித்துக்கொண்டே புதியதை எழுதும். நீங்கள் உள்ளே நுழைய முடியாவிட்டாலும் அந்த வேலை நிற்காது. சாதாரணமாக ஒரு 2 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவாகிறது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி. நான்குக்கும் சேர்த்து 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் பத்துப் பதினோரு நாளில் சுற்றி வந்துவிடும். வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

ஆகவே முதலில், பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டரில் மவுஸை நகர்த்தினால் ஒன்பது புள்ளிகள் வருகிறதா? அந்த பேட்டர்ன் வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும். பாஸ்வேர்டு மறந்தவர்கள் பலரும் தினமும் கோடு போட்டுத்தான் திறந்துகொண்டிருக்கிறார்கள். பேட்டர்னில் திறந்து பிளேபேக் போய், அந்த ராத்திரியைப் பென்டிரைவில் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளலாம். பாஸ்வேர்டை மாற்ற மட்டும் பழைய பாஸ்வேர்டைக் கேட்கும், அதனால் அதற்கு இது உதவாது. போனில் Hik-Connect செயலி ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு கதவு. அந்த வழியாகச் சேர்த்த டிவிஆரை, உங்களுக்கு அனுமதி இருக்கும்வரை, டிவிஆர் பாஸ்வேர்டு தெரியாமலே போனில் பின்னோக்கிப் பார்க்கலாம், தேவையான துண்டைச் சேமிக்கலாம்.

இரண்டும் இல்லை என்றால், பதிவு அழிவதைத் தள்ளிப்போட ஒரு எளிய வழி உண்டு. டிவிஆரை அணைக்காதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். பின்பக்கம் வீடியோ கேபிள்கள் திருகி மாட்டியிருக்கும் அல்லவா, அவற்றில் வாசல் கேமராவை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கழற்றிவிடுங்கள். எது எந்த எண்ணில் இருந்தது என்று முன்பே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். படம் வராத சேனலுக்கு எழுத ஒன்றும் இல்லை, ஆகவே டிஸ்க் நிரம்பும் வேகம் கால்வாசியாகக் குறையும். அந்தச் சில நாட்கள் குடோனுக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பாஸ்வேர்டு. லாகின் திரையில் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் Forgot Password என்று இருக்கும். தோராயமாக ஏதாவது அடித்துப் பார்க்க வேண்டாம், சில தடவை தப்பானால் அரை மணி நேரம் பூட்டிக்கொள்ளும். Forgot Password அழுத்தினால், டிவிஆரை முதலில் அமைத்தபோது என்னென்ன பதிந்தார்களோ அதற்கேற்ற வழிகளைக் காட்டும்: பாதுகாப்புக் கேள்விகள், முன்பே பென்டிரைவில் எடுத்து வைத்த GUID என்ற சாவிக் கோப்பு, பதிந்து வைத்த மின்னஞ்சல், Hik-Connect.

பெரும்பாலும் சிக்கல் மின்னஞ்சலில்தான் வரும். அந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் திரையில் ஒரு க்யூஆர் கோடு வரும், Hik-Connect செயலியில் Reset Device Password என்ற இடத்தில் அதை ஸ்கேன் செய்தால் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு போகும். யாருடைய மின்னஞ்சலுக்கு? வேலையை முடிக்கும் அவசரத்தில் மாட்டியவர் தன்னுடையதையே போட்டிருப்பார். உங்களுக்குக் குறியீடு வரவில்லை என்றால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள், அங்கும் இல்லையென்றால் அது அவருக்குப் போயிருக்கிறது. வெளிநாட்டில் இருந்தாலும் வாட்ஸ்அப்பில் பிடிக்கப் பாருங்கள். குறியீட்டைப் படித்துச் சொன்னால் வேலை முடிந்தது, வேறு எதுவுமே தேவையில்லை. செயலி வழியும் இப்படித்தான். டிவிஆர் அவருடைய கணக்கில் இருந்து, உங்களுக்குப் பகிர மட்டும் செய்திருந்தால், உங்கள் போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்ற முடியாது.

அவர் கிடைக்கவே இல்லை என்றால், நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவிப் பிரிவு வழியாகப் போக வேண்டும். ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் ஹிக்விஷன் பெட்டிகளைக் கண்டுபிடித்துப் பட்டியலிடும் SADP என்ற மென்பொருளை ஹிக்விஷன் தளத்தில் இலவசமாகத் தருகிறார்கள். விண்டோஸ் லேப்டாப்பில் போட்டு, டிவிஆர் இணைந்திருக்கும் அதே ரூட்டரில் லேப்டாப்பை இணையுங்கள். ஹோம்ஸ்டே என்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: விருந்தினர் வைஃபை தனியாக இருந்தால் அதில் இணைந்த லேப்டாப்புக்கு டிவிஆர் தெரியாது. கேபிளைச் செருகுவதே நல்லது. அப்படியும் பட்டியல் காலியாக இருந்தால், விண்டோஸ் ஃபயர்வால் SADP-யைத் தடுக்கிறதா என்று பாருங்கள்.

பட்டியலில் உங்கள் டிவிஆரின் சீரியல் எண்ணைப் பார்த்து டிக் செய்யுங்கள். Forgot Password அழுத்தி, Export கொடுத்தால் ஒரு XML கோப்பு சேமிக்கப்படும். அதையும், பெட்டியின் அடியில் சீரியல் எண் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் போட்டோவையும், வாங்கிய பில்லையும் உதவிப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். துண்டுச்சீட்டில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தால், விற்ற கடையிலிருந்து ஜிஎஸ்டி பில் நகல் கேட்டு வாங்குங்கள். பெட்டி உங்களுடையதுதான் என்று அவர்கள் சரிபார்க்கக் கேட்பதுதான் இந்த வழி பாதுகாப்பானது என்பதற்கு அடையாளம். பில்லே கேட்காமல் திறந்து தருகிறவர், திருடிய டிவிஆரையும் அப்படித்தான் திறந்து தருவார்.

அவர்கள் அனுப்பும் பதில் கோப்பை SADP-யின் அதே இடத்தில் கொடுத்து, புதிய பாஸ்வேர்டை அடித்தால் மாறிவிடும். இது பாஸ்வேர்டை மட்டும் மாற்றும், பதிவுகளைத் தொடாது. ஆனால் நீங்கள் கோப்பை எடுத்த நேரத்திலிருந்து பதில் வந்து போடும்வரை டிவிஆர் ஒரு தடவைகூட அணைந்து எரியக் கூடாது. நடுவில் இன்னொரு முறை Export கொடுக்கவும் கூடாது. அணைந்தால் அந்தக் கோப்புக்கு வந்த பதில் பொருந்தாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கென்று கெடுவும் இருக்கும், பதில் வந்த அன்றே போட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே Export எடுப்பதற்கு முன்பே டிவிஆர், ரூட்டர் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிடுங்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு கணத்தில் சில டிவிஆர்கள் ரீஸ்டார்ட் ஆகும். அதனால் முன்னதாகவே மெயின் சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்து, ரீஸ்டார்ட் ஆனால் கம்ப்யூட்டர் யுபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டுங்கள்.

சீரியல் எண்ணைக் கொடுத்தால் மாஸ்டர் பாஸ்வேர்டு தருகிறோம் என்று சொல்லும் இணையதளங்களும், டெலிகிராமில் சுற்றும் "அன்லாக்" மென்பொருள்களும் வேண்டாம். சீரியல் எண்ணை வைத்து எண் கணக்குப் போடும் முறை மிகப் பழைய மென்பொருள் பதிப்புகளுக்குத்தான் பலித்தது. இப்போது உள்ளதில் பலிக்காது, வாடகைக்கு வருகிறவர்களின் அடையாள நகல்கள் இருக்கும் லேப்டாப்பில் தெரியாத ஒன்றை ஓடவிட்டதுதான் மிச்சம்.

படிப்பவர்களில் டாஹுவா அல்லது அதே வகையிலான டிவிஆர் வைத்திருப்பவர்களுக்கு: அங்கும் லாகின் திரையில் Forgot Password, க்யூஆர், மின்னஞ்சல் என்ற அதே வரிசைதான். குறியீடு 24 மணி நேரம்தான் செல்லும். சில மாடல்களில் உள்ளே ரீசெட் பட்டன் உண்டு, ஆனால் அது எல்லா அமைப்பையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும், மூடியைத் திறந்தால் வாரண்டியும் கேள்விக்குள்ளாகும். கடைசி வழியாக, சர்வீஸ் சென்டரில் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை பதிவு. எக்ஸ்போர்ட் செய்த பதிவை வெட்டாமல், ஒட்டாமல் அப்படியே பென்டிரைவில் வைத்திருங்கள். திரையில் காட்டும் நேரத்தையும் உங்கள் போன் நேரத்தையும் ஒரே போட்டோவில் எடுத்துக்கொள்ளுங்கள். டிவிஆர் கடிகாரம் சில நிமிடம் முன்பின்னாக ஓடுவது சகஜம், அந்த வித்தியாசம் பின்னால் கேட்கப்படும். வழக்கு வரை போனால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தேவைப்படும். அதுவரை டிவிஆரை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

அப்புறம் கேபிள்களை போட்டோவைப் பார்த்து அதே எண்ணில் திருப்பி மாட்டுங்கள். மின்னஞ்சலை உங்களுடையதாக மாற்றி, பாதுகாப்புக் கேள்விகளை வையுங்கள். Hik-Connect-ல் டிவிஆர் இன்னும் அந்தத் தம்பியின் கணக்கில் இருந்தால் உதவிப் பிரிவிடமே சொல்லி விடுவித்து, உங்கள் கணக்கில் சேருங்கள். பயனர் மேலாண்மைப் பக்கத்தில் admin-க்கான GUID கோப்பைப் பென்டிரைவில் எடுத்து, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். டிவிஆர் பின்னாலேயே செருகி வைத்தால் யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். அந்தக் கோப்பு ஒரு தடவைக்குத்தான், பயன்படுத்தியதும் புதியதை எடுத்து வைக்க வேண்டும்.