அப்பா குவைத்தில், மகள் குன்னூரில்: பண ஆதரவுக் கடிதம் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை நீலகிரியிலிருந்து வந்த கேள்விகள் எல்லாமே பிரிட்டன் மாணவர் விசா பற்றியவை.

அப்பா குவைத்தில் இருக்கிறார். குன்னூரிலேயே முத்திரைத்தாள் வாங்கி, அவர் பெயரில் நோட்டரி வக்கீலிடம் அபிடவிட் போடலாமா? "எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார் ஏஜென்ட்.

கூடாது. கையெழுத்திட்டவர் தன் முன்னால் வந்து நின்றார் என்பதற்குத்தான் நோட்டரி முத்திரை. அந்தத் தேதியில் அப்பா குவைத்தில் இருந்தார் என்று அவருடைய பாஸ்போர்ட்டே காட்டிவிடும். ஏமாற்று ஆவணம் என்று முடிவானால் விண்ணப்பம் தள்ளுபடி ஆவதோடு, பிரிட்டன் 10 ஆண்டு வரை தடையும் போடலாம்.

இத்தனைக்கும் பிரிட்டன் விசாவுக்கு அபிடவிட்டே தேவையில்லை. அப்பா ஒரு வெள்ளைத்தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். இன்னார் என் மகள், இன்ன வங்கிக் கணக்கில் உள்ள பணத்தை அவள் படிப்புக்கும் செலவுக்கும் பயன்படுத்த எனக்குச் சம்மதம் என்ற இரண்டு விஷயமும் அதில் இருக்க வேண்டும். கூடவே பிறப்புச் சான்றிதழும் வங்கி ஸ்டேட்மென்டும்.

பல்கலைக்கழகம் தன் பங்குக்கு அபிடவிட் கேட்டால், அதை அப்பா குவைத்தில் உள்ள இந்தியத் தூதரகத்தில் செய்யலாம். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தூதரக அதிகாரிக்கு அந்த அதிகாரம் உண்டு. அப்பா வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போக வேண்டாம், அதிகாரி முன்னால்தான் போட வேண்டும்.

அப்பா ஜூன் 3-ஆம் தேதி பணம் போட்டார். எப்போது விண்ணப்பிக்கலாம்? (கோத்தகிரி)

தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஜூன் 3-ஐயும் சேர்த்து எண்ணினால் ஜூன் 30-ஆம் தேதி 28-ஆவது நாள். அன்றைய இருப்பு வரை காட்டும் ஸ்டேட்மென்ட் வாங்கி, ஜூலை 31-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். நடுவில் ஒரே ஒரு நாள் இருப்பு அந்தத் தொகைக்குக் கீழே போனாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அப்பாவின் வீட்டு வாடகை அந்தக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுகிறதா என்று கேளுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

சிங்கப்பூர் சித்தப்பா கடிதம் தருகிறார். செல்லுமா? (கூடலூர்)

அவர் சட்டப்படி கார்டியனாக இருந்தால் ஒழிய, செல்லாது. பணத்தை உங்கள் கணக்குக்கோ பெற்றோர் கணக்குக்கோ அனுப்பச் சொல்லுங்கள், அது வந்து சேர்ந்த நாளிலிருந்து 28 நாள். பெரிய தொகை திடீரென்று எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரலாம், அதற்கு அவருடைய ஒரு கடிதமும் கைவசம் இருக்கட்டும்.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் உள்ளது. அப்பா பெயரும் இனிஷியலோடுதான் இருக்கிறது. (ஊட்டி)

மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் உள்ள ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று அவர் தன் கடிதத்திலேயே ஒரு வரி சேர்க்கட்டும். அவருடைய பாஸ்போர்ட் நகலும், உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் அச்சாகியிருந்தால் அந்த நகலும் அதற்குத் துணை.