மனை, பட்டியலிடாத பங்கு, பூட்டிய டெபாசிட்: எவ்வளவு வரை?

"வீட்டைத் தவிர எங்களிடம் இருப்பதெல்லாம் மனையும் புஞ்சையும்தான். கேடிசி நகர் பக்கம் இன்னொரு மனை விலைக்கு வருகிறது. உடனே காசாக்க முடியாத சொத்து எத்தனை சதவீதம் இருக்கலாம்?"

சதவீதத்தைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் என் அத்தான் கதை.

பாளையங்கோட்டையில் சொந்த வீடு. அதைக் கணக்கில் சேர்க்காமல், நாங்குநேரி பக்கம் 30 சென்ட் புஞ்சை 15 லட்சம், ஊருக்கு வெளியே ஐந்து சென்ட் மனை 15 லட்சம், வரிச் சலுகைக்காகப் போட்ட ஐந்து வருட டெபாசிட் நாலரை லட்சம், நண்பர் கம்பெனியில் 2 லட்சத்துக்குப் பங்கு, பேங்கில் 2 லட்சம். தாளில் கூட்டினால் முப்பத்தெட்டரை லட்சம். நெஞ்சுவலி வந்து, காப்பீடு போக இன்னும் 5 லட்சம் பத்து நாளில் கட்ட வேண்டும் என்றபோது, கையில் இருந்தது அந்த 2 லட்சம் மட்டும்தான்.

டெபாசிட்டை உடைக்கலாம் என்று அக்கா பேங்குக்குப் போனாள். வரிச் சலுகை டெபாசிட்டை ஐந்து வருடத்துக்கு முன் உடைக்கவும் முடியாது, அடகு வைத்துக் கடன் வாங்கவும் முடியாது. சாதாரண டெபாசிட் என்றால் கொஞ்சம் வட்டியை விட்டுக்கொடுத்து அன்றைக்கே எடுத்திருக்கலாம். நண்பர் கம்பெனி பங்கை வாங்க வெளியாள் கிடைத்தாலும், அது பிரைவேட் லிமிடெட் என்பதால் டைரக்டர்கள் சம்மதிக்காமல் பெயர் மாறாது. "சந்தைக்கு வரும்போது பார்த்துக்கலாம்" என்று காத்திருப்பதற்கும் ஒரு அளவு உண்டு. நம் பக்கத்துத் தூத்துக்குடியில் 1921-இல் தொடங்கிய தமிழ்நாடு மெர்கன்டைல் வங்கியே பங்குச் சந்தைப் பட்டியலில் ஏறியது 2022-இல்தான்.

சரி, மனை? வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை, பத்திரமும் சுத்தம். ஆனால் பட்டா இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே கிடந்தது. வாங்கி ஆறு வருடம் ஆகியும் அத்தான் பட்டா மாறுதலுக்கு மனுப் போடவில்லை. வந்த இரண்டு பார்ட்டியும் "பட்டா உங்க பேருக்கு வந்ததும் சொல்லுங்க" என்று போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் வாங்கத் தயார்தான், ஆனால் ஆஸ்பத்திரி விஷயம் தெரிந்துவிட்டதால் சென்டுக்கு 3 லட்சம் போன இடத்தை 2.40-க்குக் கேட்டார். நகையை அடகு வைத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டினோம். மனை ஐந்தாவது மாதம் 12 லட்சத்துக்குக் கிரயம் ஆனது. தரகு, நகைக்கடன் வட்டி போக, தாளில் இருந்த 15 லட்சம் கைக்கு வரும்போது பதினொன்றரை சொச்சம். ஒன்றரை சென்டை மட்டும் வெட்டி விற்கவும் வழியில்லை. மனை போனால் முழுசாகத்தான் போகும்.

இதெல்லாம் அத்தானின் அசட்டை என்று நினைக்க வேண்டாம். 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது, பத்திரம், பட்டா எல்லாம் சரியாக வைத்திருந்தவர்களும் மாதக்கணக்கில் விற்க முடியாமல் இருந்தார்கள்.

அதனால் நான் கணக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து போடுகிறேன். ஒரு வருட வீட்டுச் செலவு, ஐந்து வருடத்துக்குள் வரும் என்று தெரிந்த பெரிய செலவுகள், வீட்டில் வயசானவர்கள் இருந்தால் மருத்துவத்துக்கு ஒரு தொகை. மாதம் 40,000 செலவு, மகள் காலேஜுக்கு 6 லட்சம், அப்பா அம்மாவுக்கு 3 லட்சம் என்றால் மொத்தம் 13.8 லட்சம். இவ்வளவும் ஒரு வாரத்துக்குள் கைக்கு வரக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். மிச்சம்தான் மனைக்கும் பூட்டிய திட்டத்துக்கும். வீடு போக 40 லட்சம் உள்ள குடும்பம் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு வரை பூட்டி வைக்கலாம். அதே செலவும் 20 லட்சமும் உள்ள குடும்பத்துக்கு மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. என் சொந்தக் கணக்கில் இடம் இருந்தாலும் பாதிக்கு மேல் போக மாட்டேன், அது என் பயம். இப்படிக் கூட்டும்போது நிலத்தை ஊர் சொல்லும் விலையில் எழுதாதீர்கள். கால் பங்கைக் குறைத்து எழுதுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கையில் ரொக்கமே அதிகம் இல்லை போலிருக்கிறது. அப்படியானால் இந்த மனை வேண்டாம் என்பேன். வாங்கும்போதே முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் போய்விடும், அதுவும் விற்கும்போது திரும்பி வராது.

மனசு கேட்கவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். அதே பகுதியில் வேறொரு தரகரிடம், வாங்குகிற ஆளாக இல்லாமல் விற்கிற ஆளாகப் போய், "ஐந்து சென்ட் இருக்கு அண்ணாச்சி, ஒரு மாசத்துல முடிச்சுத் தர முடியுமா, என்ன விலைக்குப் போகும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விலையையும், உங்களிடம் இப்போது கேட்கிற விலையையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.