பி.காம். முடித்தவர் பி.ஏ. ஆங்கிலம் படித்தால் எந்தப் பாடங்களுக்கு விலக்கு கிடைக்கும்?

"ஐயா, 2018-ல் சென்னையில் பி.காம். முடித்து ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பி.ஏ. ஆங்கிலம் படித்து, பி.எட். முடித்து, அரசுப் பள்ளி ஆசிரியை ஆக விரும்புகிறேன். இரண்டாவது இளநிலைப் பட்டம் படிக்க எனக்குத் தகுதி உண்டா? கட்டணம் எப்படி இருக்கும்? பி.காம்-இல் தமிழும் ஆங்கிலமும் தேறிவிட்டேனே, அந்தப் பாடங்களையாவது விட்டுவிடுவார்களா? நான் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவள்." – வாசகி, பெரம்பூர்

தகுதி உண்டு. சில மொழிப் பாடங்களுக்கு விலக்கும் கிடைக்கலாம். ஆனால் உங்கள் இலக்கு பி.எட். என்பதால், படிப்புக் காலத்தைக் குறைக்கும் எந்தச் சலுகையையும் ஏற்காதீர்கள். பி.ஏ-வை மூன்று ஆண்டுகளும் முழுமையாகப் படியுங்கள்.

ஒரு பட்டம் வைத்திருப்பவர் இன்னொரு இளநிலைப் பட்டம் படிக்க எந்தத் தடையும் இல்லை. சேர்க்கைக்கு அடிப்படை உங்கள் பி.காம். அல்ல, பிளஸ் டூ தேர்ச்சிதான். நேரடி வகுப்பில் சேர்வதானால் கல்லூரிகளின் வயது வரம்பு குறுக்கே வரும். வேலையையும் விட வேண்டியிருக்கும். தொலைநிலைக் கல்வியில் இந்த இரண்டு சிக்கலும் இல்லை. சென்னையில் இருப்பவருக்கு சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனமும், சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சேரும் கல்வியாண்டில் அந்தக் குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கு யுஜிசி-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி அளித்திருக்கிறதா என்று மட்டும் அதன் இணையதளத்தில் (deb.ugc.ac.in) பார்த்துவிடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தால் போதாது. பாடப்பிரிவுக்கும் தனியாக இருக்க வேண்டும்.

விலக்கு விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பழைய பட்டத்தில் பாடங்களைத் தேறிச் சேர்த்த கிரெடிட்டுகளைப் புதிய பட்டத்துக்கு மாற்றுவது ஒன்று. ஏற்கெனவே தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டாம் என்று பல்கலைக்கழகம் விடுவது வேறொன்று. முதலாவது உங்களுக்குக் கிடைக்காது. 2021-ல் யுஜிசி கொண்டுவந்த 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' விதிகளின்படி, ஒரு பட்டம் பெறுவதற்காகப் பயன்படுத்திய கிரெடிட் கணக்கிலிருந்து நிரந்தரமாகக் கழிக்கப்பட்டுவிடும். அதே கிரெடிட்டை இன்னொரு பட்டத்துக்குக் காட்ட முடியாது. உங்கள் பட்டம் 2018-லேயே முடிந்துவிட்டதால், அந்த வங்கியில் உங்கள் பெயரில் கழிப்பதற்குக்கூட எதுவும் இருக்காது. பட்டத்தை முடிக்காமல் இடையில் நின்றவர்கள் போன்றோருக்கே இந்த ஏற்பாடு உதவும்.

இரண்டாவது வகை விலக்கு பல்கலைக்கழகத்தின் சொந்த விதியைப் பொறுத்தது. நம் ஊர்ப் பட்டப்படிப்பில் பகுதி 1 தமிழ் அல்லது பிற மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். மற்ற பகுதிகளில் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி போன்றவை வரும். பட்டதாரிகளுக்குப் பகுதி 1, 2 ஆகியவற்றில் விலக்கு அளிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுநாளாக உண்டு. பகுதி 3-இல் உங்களுக்கு எதுவும் கழியாது. கணக்கியலும் வணிகச் சட்டமும் ஆங்கில இலக்கியத்துக்கு ஈடாகா. பகுதி 2 ஆங்கிலம் தேறியிருப்பதால் முதன்மைப் பாடமான ஆங்கில இலக்கியத்தில் ஏதாவது குறையும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு பாடங்கள்.

உங்கள் பி.காம். மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பல பி.காம். பாடத்திட்டங்களில் மொழிப் பாடங்கள் முதல் இரண்டு பருவங்களோடு நின்றுவிடும். பி.ஏ-விலோ பெரும்பாலும் நான்கு பருவங்களுக்கு இருக்கும். அப்படியானால் பி.ஏ-வின் எட்டு மொழித் தாள்களில் நீங்கள் முன்பு எழுதியவை நான்குதான். பல்கலைக்கழகம் எட்டுக்கும் விலக்குத் தருகிறதா, நான்கை எழுதச் சொல்கிறதா என்று சேர்க்கைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் ஆண்டில் தேர்வு விண்ணப்பத்தை நிரப்பும்போது இந்தக் கேள்வி எழுந்தால் ஒரு பருவம் வீணாகிவிடும்.

காலம்தான் இதில் முக்கியம். மொழிப் பாடம் கழிந்ததைக் காரணமாக வைத்து, 'கூடுதல் பட்டம்' என்ற பெயரில் பட்டதாரிகளை நேரே இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் சேர்த்து, ஓரிரு ஆண்டுகளில் பட்டம் வழங்கும் திட்டங்கள் இங்கே நடந்திருக்கின்றன. அந்த வழியில் போனால் உங்கள் திட்டம் பி.எட். வாசலிலேயே நின்றுவிடும். மூன்று ஆண்டுகளுக்குக் குறைவான கூடுதல் பட்டம் பெற்றவர்கள் தகுதியற்றவர்கள் என்பது தமிழ்நாட்டின் பி.எட். சேர்க்கை விதி. ஆசிரியர்களிடையே 'இரட்டைப் பட்ட வழக்கு' என்று பேசப்படும் வழக்கிலும், பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வுக்கு ஓராண்டு இரட்டைப் பட்டத்தை மூன்றாண்டுப் பட்டத்துக்கு இணையாகக் கருத முடியாது என்றே சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உழைத்துப் பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர்கள் அந்தத் தீர்ப்பால் பதவி உயர்வை இழந்தார்கள். அவர்கள் படித்த படிப்பில் குறை இல்லை; படித்த காலம்தான் இடித்தது.

ஆகவே, விலக்குக் கொடுத்தாலும் நீங்கள் முதலாம் ஆண்டில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் பதிவில் இருக்கிறீர்களா என்பதே கேள்வி. சேர்க்கை ஆணையில் எந்த ஆண்டில் சேர்க்கப்பட்டீர்கள் என்பதையும், படிப்புக் காலம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். என்னைக் கேட்டால், எட்டு மொழித் தாள்களையும் எழுதிவிடுவதே நல்லது. ஆறு பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களும் இடைவெளி இல்லாமல் கையில் இருந்தால், சான்றிதழ் சரிபார்ப்பில் யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

விலக்கால் மிச்சமாகும் பணமும் பெரிதல்ல. தொலைநிலைப் படிப்பில் பயிற்றுக் கட்டணம் ஆண்டுக்கு இவ்வளவு என்றுதான் வரும். தாள் குறைந்தால் அது குறைவது அரிது. தேர்வுக் கட்டணம் மட்டும் தாளுக்குத் தாள் கணக்கு. ஒரு தாளுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எட்டுத் தாள்களுக்கு மிஞ்சுவது 1,600 ரூபாய்தான். விலக்குக்கென்று தனி விண்ணப்பக் கட்டணம் இருந்தால் அதுவும் குறையும். விளம்பரத்தில் காட்டும் தொகையோடு பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் ஆகியவற்றையும் கூட்டி, மூன்று ஆண்டுகளுக்கான மொத்தத்தைப் போட்டுப் பாருங்கள். உதவித்தொகையை நம்ப வேண்டாம். மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிகளில், ஒரு கல்வி நிலையை முடித்துவிட்டு அதே நிலையில் வேறு பாடம் படிப்பவருக்கு உதவி கிடையாது என்று இருக்கிறது. பி.ஏ-வுக்குப் பின் பி.காம். படிப்பதையே அதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். உங்களுடையது அதன் மறுதிசை. முதல் பட்டதாரிச் சலுகையும் பொருந்தாது. நீங்களே ஏற்கெனவே பட்டதாரி.

பாடப்பிரிவின் பெயரையும் கவனியுங்கள். பட்டச் சான்றிதழில் 'பி.ஏ. ஆங்கிலம்' அல்லது 'பி.ஏ. ஆங்கில இலக்கியம்' என்று ஒற்றை முதன்மைப் பாடமாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று பாடங்களைக் கலந்து படிக்கும் பொது பி.ஏ-வில் ஆங்கிலமும் ஒன்றாக இருக்கும். அது இந்தப் பணிக்கு உதவாது. பெயர் சற்று வேறுபட்டிருந்தால், அந்தப் பட்டம் பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஈடானது என்று சொல்லும் உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

பி.எட். சேர்க்கைக்கு உங்கள் பிரிவினருக்குக் குறைந்தபட்சம் 45 சதவீதம் வேண்டும். பகுதி 3 மதிப்பெண்ணை வைத்துத்தான் அதைக் கணக்கிடுவார்கள்; மொழித் தாளில் எவ்வளவு வாங்கினாலும் அதில் சேராது. 44.9 என்பதை 45 ஆக்கவும் மாட்டார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஆங்கிலம் கற்பிப்பதுதான் உங்கள் விருப்பமா, அல்லது ஆசிரியை ஆவதா? ஆசிரியை ஆவதுதான் என்றால் பி.காம்-ஐ வீணாக்க வேண்டியதில்லை. பி.காம். பட்டத்தோடு மட்டும் தமிழ்நாட்டில் பி.எட். சேர முடியாது, வணிகவியலுக்கு முதுநிலைப் பட்டம் தேவை. எம்.காம். இரண்டு ஆண்டுகள், பி.எட். இரண்டு ஆண்டுகள், ஆக நான்கு ஆண்டுகளில் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு வணிகவியலில் விண்ணப்பிக்கலாம். பி.ஏ. வழியில் மூன்றும் இரண்டுமாக ஐந்து ஆண்டுகள். அதற்குப் பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளும் எழுத வேண்டும். கணக்குப் பிரிவில் வேலை பார்த்த அனுபவம் வணிகவியல் வகுப்பறையில் கைகொடுக்கும் என்பதால், நான் முதலில் எம்.காம். பக்கமே சாய்வேன். பி.காம்-க்குப் பிறகு நேரே எம்.ஏ. ஆங்கிலம் படிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்பதால், அந்த வழி உங்களுக்கு ஆகாது.

எந்த வழியில் போனாலும் பி.எட்-ஐ வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் படிக்க முடியாது. தொலைநிலை பி.எட். பணியில் இருக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கானது. ஆகவே, அந்த இரண்டு ஆண்டுகள் சம்பளம் இருக்காது. உங்கள் செலவுக் கணக்கில் இதுதான் பெரிய தொகையாக இருக்கும். தொலைநிலையில் பி.ஏ-வோ எம்.காம்-ஓ படிக்கும் ஆண்டுகளிலேயே அதற்கான பணத்தைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பி.காம். மதிப்பெண் பட்டியல்களை அசலும் நகலுமாகக் கொண்டு செல்லுங்கள். தொலைநிலைச் சேர்க்கைக்கு இப்போது யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் அடையாள எண்ணான டெப் ஐடி (DEB-ID) கட்டாயம். அதற்கு முன்னதாக, மேலே சொன்ன அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸின் ஏபிசி ஐடி (ABC ID) வேண்டும். இரண்டையும் இணையத்திலேயே உருவாக்கலாம். ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் உங்கள் பெயரின் முன்னெழுத்து மாறியிருந்தால் இந்த இடத்தில்தான் விண்ணப்பம் மாட்டிக்கொள்ளும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். விலக்குப் பற்றிய பதிலை வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ வாங்குங்கள். நீங்கள் சேரும் ஆண்டின் தகவல் கையேட்டையும் பி.எட். முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள். விதிகள் இடையில் மாறினால், உங்கள் ஆண்டில் எது அமலில் இருந்தது என்பதற்கு அந்தக் கையேடுதான் ஆதாரம்.